நேர்காணலுக்கு முந்தைய மாலை

நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை ஐந்து, ஆறு மணிக்கு விண்ணப்பதாரருக்கு நினைவூட்டல் அனுப்புவது வழக்கம். வேலை நேரம் முடிந்து அவர் கைபேசியைப் பார்க்கும் நேரம் அது. வர இயலாதென்றால் அந்த இடத்துக்கு வேறொருவரை அழைக்கவும் அவகாசம் இருக்கும்.

கிண்டி தொழிற்பேட்டையில் கணக்காளர் பணிக்கான நேர்காணல் என்றால், செய்தி இப்படி அமையலாம்: “நாளை, 12ஆம் தேதி வியாழன், காலை 10.30க்கு உங்கள் நேர்காணல். இரண்டாம் மாடி. அசல் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் தேவை. வருவதை இன்றிரவு 8 மணிக்குள் உறுதிப்படுத்தவும்.”

தேதியும் கிழமையும் கட்டாயம் வேண்டும். வெறுமனே ‘நாளை’ என்றிருந்தால், நள்ளிரவு தாண்டிப் படிப்பவருக்கு அது மறுநாளாகிவிடும். பதிலுக்குக் கெடு இல்லாவிட்டால் பலர் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தால் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் பொருள், வருகிறார் என்றல்ல. “சரி” என்ற ஒற்றைச் சொல்லும் ஐயத்துக்குரியதே. “10.30க்கு வருகிறேன்” என்று நேரத்தைத் திருப்பிச் சொல்லும் பதிலையே நம்பலாம். எட்டு மணிவரை பதிலில்லை என்றால், பட்டியலிலிருந்து பெயரை அடிக்குமுன் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பதே முறை.