அழச் சொல்லாதீர்கள், பார்க்கச் சொல்லுங்கள்

ஏழு வயதுச் சிறுமி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். புதுச்செருப்பு வாங்கி வருவதாகச் சொன்ன அப்பா வெறுங்கையோடு வருகிறார். ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவள் உள்ளே எழுந்துபோக வேண்டும். திரையில் ஒரு நிமிடம்தான் வரும் காட்சி இது.

"சோகமா முகத்தை வச்சுக்கோ" என்றால் குழந்தை உதட்டைப் பிதுக்கும். சோகம் என்பது அதற்குச் செய்யத் தெரிந்த வேலை இல்லை. அதனால் வேலையைச் சொல்ல வேண்டும்: "அப்பா கையில என்ன இருக்குன்னு பாரு. அந்தக் கையில இல்லைன்னா இன்னொரு கையைப் பாரு. அப்புறம் எழுந்து உள்ள போ." கண்கள் தேடும்போது முகம் நடிக்க மறந்துவிடும். அந்தத் தேடலிலேயே பார்வையாளருக்கு ஏமாற்றம் தெரிந்துவிடும்.

இதைச் சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இயக்குநர், உதவி இயக்குநர், அம்மா என்று மூன்று பேர் பேசினால், குழந்தை ஒவ்வொரு வரிக்குப் பிறகும் யாராவது தலையாட்டுகிறார்களா என்று தேடும். அம்மா கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் கண்ணில் படாத இடத்தில்.

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கோரே-எடா 'நோபடி நோஸ்' படத்தின் சிறுவர்களுக்கு வசனத்தாளே தரவில்லை. பேச வேண்டியதைப் படப்பிடிப்பு இடத்திலேயே வாயால் சொன்னார். அதில் நடித்த யூயா யாகிரா 2004இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 14.

இனி நம் காட்சியைத் துண்டாக்குவோம். சிறுமி பார்ப்பது, எழுவது, உள்ளே போவது என மூன்று சிறு ஷாட்கள். அவளுடைய க்ளோசப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். அப்பாவின் க்ளோசப்பின்போது அவள் விளையாடப் போகலாம். அவள் இடத்தில் உதவி இயக்குநர் உட்கார்ந்தால் போதும். ஒத்திகையிலேயே கேமரா ஓடட்டும், பல நேரம் அதுதான் நல்ல டேக். முகத்துக்கு நேரே அடிக்கும் கிளாப் குழந்தையைத் திடுக்கிட வைத்தால், ஷாட் முடிந்தபின் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கலாம்.

சோர்வு வருவதை மானிட்டரிலேயே பார்க்கலாம். வசனம் ஒப்பிப்பதுபோல ஒரே ராகத்தில் வரும். அப்பா வருவதற்கு முன்பே கண் அவர் கைக்குப் போய்விடும். அடுத்து நடக்கப் போவது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது என்று அர்த்தம். நான்காவது, ஐந்தாவது டேக்கில் இது தெரிந்தால் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சக்கூடாது. இடைவேளை விட்டு, திரும்பியதும் வேலையை மாற்றித் தர வேண்டும்: "இப்ப அப்பாவோட செருப்பைப் பாரு."

இடைவேளை நம் தயவில் தருவதும் இல்லை. இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். ஆகவே அன்றைய அட்டவணையைக் குழந்தையின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் ஷாட்களை அடுக்கித் தயாரிக்க வேண்டும்.