மூன்று ஃபண்ட், மூன்று அளவுகோல், மூன்று முதலிடம்

முதலீட்டு மேலாண்மைத் தாளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. மூன்று நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளின் வருமானம், திட்ட விலக்கம், பீட்டா ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, ‘ஷார்ப், ட்ரெய்னர், ஜென்சன் முறைகளில் வரிசைப்படுத்திக் கருத்துரைக்க’ என்று கேட்பார்கள். கணக்கை மாணவர்கள் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். ‘கருத்துரைக்க’ என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. மூன்று முறைகளும் மூன்று வெவ்வேறு ஃபண்டுகளை முதலிடத்தில் நிறுத்தினால் என்ன எழுதுவது? எங்கோ தப்பிவிட்டோம் என்று நினைத்துச் சரியான விடையையே அடித்துவிடுகிறவர்களும் உண்டு. தப்பு எதுவும் இல்லை. அந்த முரண்பாட்டை மாணவர் புரிந்துகொண்டாரா என்று பார்க்கத்தான் கேள்வியே அமைக்கப்பட்டிருக்கிறது. தேர்வு எழுதாதவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நாம் பணம் போடும் ஃபண்டுகளின் மாத அறிக்கையிலும் இதே எண்கள்தாம் அச்சாகின்றன.

அப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ரிஸ்க் இல்லாத வருமானம், அதாவது அரசுப் பத்திரத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே கிடைப்பது, ஆண்டுக்கு 6 சதவீதம்.

| | வருமானம் (%) | திட்ட விலக்கம் (%) | பீட்டா |
|---|---|---|---|
| ஃபண்ட் அ | 18 | 30 | 1.5 |
| ஃபண்ட் ஆ | 12 | 12.5 | 0.8 |
| ஃபண்ட் இ | 11 | 20 | 0.5 |
| சந்தை | 12 | 15 | 1.0 |

வருமானத்தை மட்டும் பார்த்தால் அ தான் ராஜா. ஆனால் அந்த 18 சதவீதத்தைப் பெற எவ்வளவு ஆட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்பதைத்தான் மற்ற இரண்டு பத்திகளும் சொல்கின்றன. திட்ட விலக்கம் என்பது ஃபண்டின் வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஏறி இறங்குகிறது என்பதன் மொத்த அளவு. அந்த ஆட்டத்துக்குக் காரணம் சந்தையா, ஃபண்டில் உள்ள குறிப்பிட்ட பங்குகளா என்று அது பிரிக்காது. பீட்டா சந்தையோடு சேர்ந்து ஆடும் பகுதியை மட்டும் அளக்கிறது. பீட்டா 1.5 என்றால், சந்தை 10 சதவீதம் விழும்போது ஃபண்ட் சராசரியாக 15 சதவீதம் விழும்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி விடை கைக்கு வந்துவிடும். ஃபண்ட் இ-யைப் பாருங்கள். அதன் பீட்டா வெறும் 0.5, சந்தையால் வரும் ஆட்டம் 0.5 × 15, அதாவது 7.5. ஆனால் மொத்த ஆட்டம் 20. இவற்றை நேராகக் கழிக்கக் கூடாது, வர்க்கமாக்கித்தான் ஒப்பிட வேண்டும்: மொத்தம் 400, அதில் சந்தையின் பங்கு சுமார் 56. மீதி முழுவதும் அந்த ஃபண்ட் வைத்திருக்கும் சில பங்குகளின் சொந்த ஏற்ற இறக்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய பங்குகளில் பணத்தைக் குவித்த ஃபண்டின் அடையாளம் இது. ஆ இதற்கு நேர் எதிர். அதன் மொத்தம் 156.25, அதில் 144 சந்தையிடமிருந்து வருகிறது. பரவலாகப் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட் அது.

இனிக் கணக்கு. ஷார்ப் விகிதம், ரிஸ்க் இல்லாத வருமானத்துக்கு மேல் கிடைத்ததைத் திட்ட விலக்கத்தால் வகுக்கிறது. அ: (18 − 6) ÷ 30 = 0.40. ஆ: (12 − 6) ÷ 12.5 = 0.48. இ: (11 − 6) ÷ 20 = 0.25. சந்தைக்கும் 0.40. ஆகவே ஆ முதலிடம். ‘ராஜா’ என்று பார்த்த அ, சந்தையை விடத் துளியும் மேலில்லை.

ட்ரெய்னர் விகிதத்தில் மேலே அதே எண். கீழே மட்டும் பீட்டா. அ: 12 ÷ 1.5 = 8. ஆ: 6 ÷ 0.8 = 7.5. இ: 5 ÷ 0.5 = 10. சந்தை: 6. ஷார்ப்பில் கடைசியில் கிடந்த இ இங்கே முதலிடம். முதலிடத்தில் இருந்த ஆ மூன்று ஃபண்டுகளில் கடைசி.

ஜென்சனின் ஆல்ஃபா வகுப்பதில்லை, கழிக்கிறது. இந்த பீட்டாவுக்கு எவ்வளவு வருமானம் நியாயம் என்று முதலில் கணக்கிட்டு, கிடைத்ததிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். அ-வுக்கு நியாயமான வருமானம் 6 + 1.5 × (12 − 6) = 15; கிடைத்தது 18; ஆல்ஃபா 3. இதே வழியில் ஆ-வுக்கு 1.2, இ-க்கு 2. இங்கே முதலிடம் அ.

அதிகம் நடக்கும் பிழையும் இந்த இடத்தில்தான். அடைப்புக்குள் 12 − 6 என்று போடாமல் வெறும் 12 என்று போட்டுவிடுவார்கள். அப்போது அ-வின் நியாயமான வருமானம் 24 ஆகி, ஆல்ஃபா −6 என்று வரும். பிழையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. அதே சூத்திரத்தைச் சந்தைக்கே போட்டுப் பாருங்கள். சந்தையின் ஆல்ஃபா சுழியாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் சூத்திரம் தவறு.

மூன்று அளவுகோல்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அமெரிக்காவில் பிறந்தவை. ஜாக் ட்ரெய்னர் தன் முறையை 1965-ல் வெளியிட்டார். வில்லியம் ஷார்ப் 1966-ல் 34 ஃபண்டுகளை அளந்து தன் விகிதத்தை முன்வைத்தார். 1990-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்தான். மைக்கேல் ஜென்சன் 1968-ல், 1945 முதல் 1964 வரையிலான காலத்துக்கு 115 ஃபண்டுகளை ஆராய்ந்தார். செலவுகள் போக, சராசரி ஃபண்ட் ஆண்டுக்குச் சுமார் 1.1 சதவீதம் பின்தங்கியிருந்தது என்பது அவர் கண்டது.

சரி, எந்த ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது? கேள்வியில் முதலீட்டாளர் யார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் விடை.

தன் சேமிப்பு முழுவதையும் ஒரே ஃபண்டில் போடப் போகிறவர் என்றால், அந்த ஃபண்டின் ஆட்டம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். சந்தையால் வந்ததா, நாலு பங்குகளால் வந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. மொத்த ஆட்டத்தை அளக்கும் ஷார்ப்தான் அவருக்கு உரியது. அவர் ஆ-வை எடுக்க வேண்டும். ‘எனக்கு இ தரும் 11 சதவீதமே போதும்’ என்று அவர் சொன்னாலும் இ தேவையில்லை. ஆறு லட்சம் ரூபாயில் ஐந்தை ஆ-விலும் ஒன்றை 6 சதவீதப் பத்திரத்திலும் வைக்கட்டும். 60,000-மும் 6,000-மும் சேர்ந்து 66,000 ரூபாய். அதே 11 சதவீதம். திட்ட விலக்கமோ 20 அல்ல, சுமார் 10.4. அதே வருமானத்துக்குப் பாதி ஆட்டம் என்றால், ஷார்ப் விகிதம் சொல்லும் 0.48-க்கும் 0.25-க்கும் உள்ள இடைவெளி இதுதான்.

இன்னொருவர் ஏற்கெனவே பல ஃபண்டுகளில் பணத்தைப் பரப்பி வைத்திருக்கிறார். புதிதாக ஒரு சிறு பகுதியை மட்டும் போடப் போகிறார். ஓய்வூதிய அறக்கட்டளை ஒன்றைக்கூட நினைத்துக்கொள்ளலாம். இ-யின் சொந்த ஏற்ற இறக்கம் மற்ற முதலீடுகளோடு சேரும்போது பெரும்பாலும் கரைந்துபோகும். அவர் கையில் கரையாமல் மிஞ்சுவது சந்தையோடு ஆடும் பகுதி மட்டுமே. எனவே அவருக்கு ட்ரெய்னர், அவருக்கு இ. ‘சிறு பகுதி’ என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அவரே பாதிப் பணத்தை இ-யில் கொண்டுபோய்க் கொட்டினால், எதுவும் கரையாது. ட்ரெய்னர் சொன்ன முதலிடமும் செல்லாது.

ஆல்ஃபாவுக்கு வருவோம். விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் இது. ஃபண்ட் மேலாளர் சந்தைக்கு மேல் ஏதாவது சேர்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆல்ஃபா உதவும். ஆனால் ஃபண்டுகளை வரிசைப்படுத்த அதை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். உங்கள் ஒரு லட்சத்தோடு, 6 சதவீத வட்டிக்கு இன்னொரு லட்சம் கடன் வாங்கி, இரண்டையும் இ-யில் போடுகிறீர்கள். இரண்டு லட்சத்துக்கு 22,000 வருகிறது. வட்டி 6,000 போக மிச்சம் 16,000. உங்கள் பணத்தில் 16 சதவீதம். பீட்டா இரட்டித்து 1 ஆகிறது. அதற்கு நியாயமான வருமானம் 12. ஆல்ஃபா 4! சற்று முன் 3 வாங்கி முதலிடத்தில் இருந்த அ, இப்போது இரண்டாமிடம். மேலாளர் புதிதாக ஒரு பங்கைக்கூட ஆராயவில்லை. கடன் மட்டும்தான் கூடியது. இதே மாற்றத்துக்குப் பின்னும் ட்ரெய்னர் 10-லேயே நிற்கிறது, ஷார்ப் 0.25-லேயே நிற்கிறது. விகிதங்கள் கடனுக்கு ஏமாறுவதில்லை, ஆல்ஃபா ஏமாறுகிறது. தேர்வில் இந்தக் கணக்கை நாலு வரியில் எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

விகிதங்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சந்தை மோசமாக இருந்த காலத்தில், இரண்டு ஃபண்டுகள் தலா 2 சதவீதமே ஈட்டின என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஸ்க் இல்லாத விகிதம் 6. ஒன்றின் திட்ட விலக்கம் 10, மற்றதற்கு 20. ஷார்ப் −0.4, −0.2. எண்ணின்படி, கூடுதலாக ஆடிய ஃபண்டே மேல் என்று ஆகிவிடுகிறது! வருமானம் ஒன்றாக இருந்தும் இரட்டிப்பு ஆட்டம் ஆடியது எப்படி மேலாகும்? மேலே உள்ள எண் எதிர்மறையாகிவிட்டால் ஷார்ப்பை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது.

பல இந்திய ஃபண்டுகளின் மாத அறிக்கையில் திட்ட விலக்கமும் பீட்டாவும் ஷார்ப்பும் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். அவை பெரும்பாலும் கடந்த மூன்று ஆண்டுகளின் மாத வருமானத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. பயன்படுத்திய ரிஸ்க் இல்லாத விகிதம் எது என்பது அடிக்குறிப்பில் இருக்கும். பெரும்பாலும் வங்கிகளுக்கிடையிலான ஒருநாள் கடன் வட்டியான மைபார். இரண்டு ஃபண்டுகளின் ஷார்ப்பை ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே காலத்துக்கு, ஒரே ரிஸ்க் இல்லாத விகிதத்தில் போடப்பட்டவையா என்று அந்த அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். பீட்டாவை ஒப்பிடுவதானால், இரண்டும் ஒரே குறியீட்டெண்ணை வைத்து அளக்கப்பட்டவையா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்காதீர்கள்.