புள்ளி தெரிகிறதா?

தொடக்கப் பள்ளிக்கு சார்ட் பேப்பர் வாங்க ஸ்டேஷனரி கடைக்குப் போகிறவர்கள், அடுக்கிலிருந்து பளிச்சென்ற தாள்களைத்தான் முதலில் உருவுவார்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் என்று வாங்கி வந்து, கையில் இருக்கும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கடைசி வரிசைக் குழந்தை அதே சார்ட்டைப் பார்த்துப் படிக்கும்போது ‘க்’ என்பதை ‘க’ என்று வாசிக்கும். குழந்தைக்கு எழுத்து தெரியாமல் இல்லை. எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி அதன் கண்ணுக்கு எட்டவில்லை.

ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் விதிகளை அப்படியே தமிழுக்கு வைத்துக்கொள்ள முடியாததும் இதனால்தான். ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும் தமிழில் வேறு வேறு எழுத்து. ‘ன’வில் இரண்டு சுழி, ‘ண’வில் மூன்று சுழி. கோடு மெலிந்தாலோ நிறம் மங்கினாலோ முதலில் காணாமல் போவது இந்தச் சிறு உறுப்புகள்தான்.

ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் தெளிவாகத் தெரிவதற்கு, இரண்டும் வேறு நிறங்களாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் இருக்க வேண்டும். நுண்ணிய கோடுகளைப் பிரித்தறியக் கண் பெரும்பாலும் இந்த வெளிச்ச வேறுபாட்டைத்தான் நம்புகிறது. பச்சைத் தாளில் சிவப்பு எழுத்து எடுப்பாகத் தோன்றினாலும் படிக்கச் சிரமமாக இருப்பதற்குக் காரணம், அந்த இரண்டு நிறங்களின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே.

இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான உலகத் தரவிதிகள் இந்த வேறுபாட்டை எண்ணால் அளக்கின்றன. வெள்ளைமேல் கறுப்பு 21. இரண்டும் ஒரே நிறமென்றால் 1. சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்பது குறைந்தபட்ச அளவு. திரையில் தெரியும் நிறங்களை வைத்துக் கணக்கிட்டால், வெள்ளைமேல் மஞ்சள் 1.1-ஐத் தாண்டாது. கரும்பச்சைமேல் சிவப்பு சுமார் 1.3. வெள்ளைமேல் அடர்நீலமோ 8-க்கு மேல். தாளிலும் மையிலும் எண்கள் சற்று மாறினாலும் வரிசை பெரிதாக மாறாது.

இதை அளக்க ஆசிரியருக்குக் கருவி எதுவும் வேண்டாம். சார்ட்டைக் கைபேசியில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் போதும். எழுத்து தாளோடு கரைந்துபோனால் அந்த ஜோடி வேண்டாம். சார்ட் முழுவதையும் எழுதி முடித்த பிறகு சோதித்துப் பயனில்லை. தாளின் ஓர் ஓரத்தை வெட்டி, கையிலுள்ள எல்லாப் பேனாவாலும் ஒவ்வொரு ‘க்’ எழுதி முதலிலேயே பார்த்துவிடலாம்.

மெய்யெழுத்து சார்ட்டை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் முழு சார்ட் பேப்பர் சாதாரணமாக 22 அங்குல அகலம், 28 அங்குல உயரம் இருக்கும். மெய் 18 என்பதால் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று பத்தி, பத்திக்கு ஆறு எழுத்து என்று அழகாக அமைந்துவிடும். தலைப்புக்கும் ஓரத்துக்கும் நான்கு அங்குலம் ஒதுக்கினால் ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு அங்குல உயரம் கிடைக்கும். 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்களின் பழைய கணக்கு. 20 அடி நீள வகுப்பறைக்கு அப்படிப் பார்த்தால் இரண்டு அங்குலம் வேண்டும். மீதி இடத்தில் புள்ளிக்கு அரை அங்குலம் போக, எழுத்துகளுக்கிடையே நல்ல இடைவெளியும் தங்கும்.

அடுத்தது கோட்டின் தடிமன். இரண்டு அங்குல எழுத்துக்குக் கோடு அரை சென்டிமீட்டராவது தடிமனாக இருப்பது நல்லது. ஸ்கெட்ச் பேனாவின் ஒற்றை இழுப்பு அதில் பாதிகூட வராது. பட்டை முனை மார்க்கரால் எழுதலாம், அல்லது எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்து உள்ளே நிரப்பலாம். புள்ளியைத் தொட்டுவிட்டு நகராமல், கோட்டின் தடிமனுக்குச் சற்றுப் பெரிய வட்டமாக நிரப்ப வேண்டும்.

இனி நிறம். மூன்று இனத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மையில் எழுதுவதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை, பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். தன் கண் வேறு விதம் என்று அந்தச் சிறுவனுக்கே பெரும்பாலும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அவனுக்கு வல்லினமும் மெல்லினமும் ஒரே நிறமாகத் தெரியக்கூடும். ஆகவே எழுத்துகள் எல்லாவற்றையும் கறுப்பிலேயே எழுதிவிட்டு, பின்னணிப் பட்டையை மாற்றுவது மேல். ஒரு பத்தி வெள்ளை, ஒரு பத்தி வெளிர்மஞ்சள், ஒரு பத்தி வெளிர்நீலம். சிவப்பு-பச்சைக் குறை உள்ளவர்களும் மஞ்சளையும் நீலத்தையும் நன்றாகவே பிரித்துப் பார்ப்பார்கள். பத்தியின் தலையில் இனத்தின் பெயரையும் எழுதிவிட்டால் நிறத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கண்ணைக் கவர்வது எப்படி? பளிச்சென்ற நிறத்தை எழுத்தில் வைக்காமல் ஓரத்தில் வைக்கலாம். இரண்டு அங்குல ஆரஞ்சுக் கரை போதும், குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். இன்று நடத்தும் எழுத்து ஒன்றுக்கு மட்டும் சிவப்புக் கட்டம் ஒட்டினால், 18-இல் அது தனியாகத் துள்ளி நிற்கும். ஆறு எழுத்துக்கு ஆறு நிறம் தீட்டினால் எதுவுமே தனித்துத் தெரியாது.

சார்ட்டைத் தாங்கும் பலகையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். அரக்கு அல்லது கரும்பச்சைத் துணி ஒட்டிய பலகையில் வெளிர்நிறத் தாள் எடுத்து நிற்கும். மஞ்சள் பூசிய சுவரில் மஞ்சள் தாள் சுவரோடு போய்விடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் லேமினேட் செய்த சார்ட்டை மாட்டினால், பகல் வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து வெள்ளையாய்ப் பளபளக்கும். வெயில் நேராக விழும் இடத்தில் ஒளிரும் நிறத் தாள்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். சிவப்பு மையும் அப்படித்தான். கறுப்பு மார்க்கர் அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

சுவரை எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் அவரது குழுவினரும் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. அலங்காரம் நிறைந்த அறையில் அவர்களின் கவனம் பாடத்தைவிட்டு விலகிய நேரம் 38.6 சதவீதம். வெறுமையான சுவர்கள் உள்ள அறையில் 28.4 சதவீதம். கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடைகளும் வெறுமையான அறையில்தான் கூடுதல். சிறிய ஆய்வுதான், ஆய்வகத்தில் அமைத்த வகுப்பறைதான். பிரிட்டனில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்த சால்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவோ, சுவரை முற்றிலும் வெறுமையாக விடவும் வேண்டாம், முழுக்க மூடவும் வேண்டாம் என்றது. சுவரில் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக விடும்படி அது பரிந்துரைத்தது.

ஆகவே கரும்பலகையைச் சுற்றி, பாடம் நடக்கும்போது குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும் சுவரில், அப்போது தேவைப்படும் சார்ட் மட்டும் இருக்கட்டும். குழந்தைகளின் ஓவியங்களையும் கைவேலைகளையும் பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் கொண்டுபோகலாம். புதிய சார்ட் மாட்டும் நாளில் ஆசிரியர் கடைசி வரிசைக்குப் போய், குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்த எழுத்தின் புள்ளி தெரியவில்லையோ, அதை அன்றே தடித்து எழுதிவிடுங்கள்.