எக்செல் ஏன் திணறுகிறது?

ஜிஎஸ்டி ஒப்பீட்டுக்காக 2 லட்சம் வரிசையுள்ள கோப்பைத் திறந்தால் லேப்டாப் திணறுகிறதா? புதிது வாங்குமுன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ரேம் போதவில்லை. 8 ஜிபி இருந்தால் 16 ஆக்கலாம். ஆனால் எக்செல் 32-பிட் பதிப்பாக இருந்தால் அது 4 ஜிபிக்கு மேல் தொடாது. முதலில் 64-பிட்டுக்கு மாறுங்கள்.

மெமரி மிச்சமிருந்தும் ஒவ்வொரு கட்டத்தை மாற்றும்போதும் காத்திருக்க நேர்ந்தால், சந்தேகம் சூத்திரங்கள் மேல் விழ வேண்டும். `OFFSET`, `INDIRECT` இரண்டும் எங்கே எது மாறினாலும் மறுபடி கணக்கிடும். `OFFSET` இருக்குமிடத்தில் பெரும்பாலும் `INDEX` போட்டுவிடலாம்.

மேக்ரோ அதிகம் ஓட்டுபவர் கோர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அது ஒரே கோரில்தான் ஓடும், அதன் வேகமே முக்கியம். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு? இந்த வேலைக்குத் தண்டம்.