பயிற்சியாளரின் பருவ அறிக்கை: விழிஞ்ஞம் கற்றுத்தந்த பாடம்

விழிஞ்ஞத்தில் சிறுவர் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி அளித்தபோது, ஆண்டிறுதியில் கமிட்டிக்கு அறிக்கை தருவது என் பொறுப்பு. அதை எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு சொல்கிறேன்.

24 பிள்ளைகள், 40 பயிற்சி நாட்கள். மொத்தம் 960 வருகைகள் இருக்க வேண்டும். வந்தவை 720, அதாவது 75 விழுக்காடு. "பரவாயில்லையே" என்று கமிட்டி தலையாட்டிவிடும். ஆனால் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 12 நாட்களில் 288க்கு 144 தான், சரிபாதி. மற்ற 28 நாட்களில் 672க்கு 576, அதாவது 86 விழுக்காடு.

காரணம் சோம்பல் இல்லை. தென்மேற்குப் பருவமழையில் பிற கரைகளில் அலை உயரும்போது விழிஞ்ஞத் துறைமுகம் பாதுகாப்பானது; வெளியூர்ப் படகுகளும் இங்கேதான் வரும். காலையில் மீன் இறங்கும்போது, "பையன் கரையில நிக்கான் சார்" என்பார்கள்.

ஆட்ட முடிவையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 10 ஆட்டங்களில் 4 தோல்வி. அதில் 3 அந்த மாதங்களில் என்றால், குறை ஆட்டத்தில் அல்ல, ஆள் வராததில்.

முன்னேற்றத்துக்கு 20 மீட்டர் ஓட்டத்தை ஒரே மைதானத்தில் இருமுறை அளப்பேன். கைக்கடிகாரத்தில் 0.2 நொடி வித்தியாசம் கை தவறாகவும் இருக்கலாம். அதை முன்னேற்றம் என்று எழுதுவதில்லை.

கடைசியில் ஒரே பரிந்துரை: அந்த மூன்று மாதமும் பயிற்சியை மாலைக்கு மாற்றுக. வராதவன் பெயரை வெட்டுமுன் மாதத்தைப் பாருங்கள்.