பில் முகவரி மாறும்போது

நிறுவனத்தின் பில் முகவரி மாறினால், சரக்கு தருபவருக்கு அனுப்பும் கடிதத்தில் புதிய முகவரி, ஜிஎஸ்டி எண், அவை நடைமுறைக்கு வரும் தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் உண்டு. முதல் 2 இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. மாநிலத்துக்குள்ளேயே அலுவலகம் இடம் மாறினால் எண் மாறாது. பதிவில் முகவரியைத் திருத்தினால் போதும். வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கே புதிய பதிவு தேவை.

கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று ஜூலை 1 முதல் பெங்களூருக்கு மாறுவதாகக் கொள்வோம். கோவையிலிருந்து சரக்கு அனுப்புபவர் ஜூன் 28 அன்று பில் போட்டு அனுப்பிய சரக்குக்குப் பழைய எண்ணே பொருந்தும். ஜூலை 1 முதல் பெங்களூருக்குப் போகும் சரக்கின் பில்லில் புதிய எண் வரும். வரியின் வகையும் மாறும்: 18 சதவீதப் பொருளுக்கு மத்திய, மாநில வரியாகத் தலா 9 சதவீதம் போட்டவர், இனி மாநிலங்களுக்கிடையிலான வரியாக 18 சதவீதம் போட வேண்டும். ஆகவே, தேதி கடந்தும் முடியாத ஆர்டர்களின் எண்களையும் கடிதத்தில் குறிப்பிட்டு, புதிய பதிவுச் சான்றிதழின் நகலை இணைப்பது வழக்கம்.

பில்லில் பழைய எண்ணே தொடர்ந்தால், கட்டிய வரிக்கான வரவு பழைய பதிவின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் போய் நிற்கும். புதிய பதிவில் தெரியாது. மாதந்தோறும் அந்த அறிக்கையைக் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டால் தவறு வெளிப்படும். சரக்கு தந்தவர்தான் தம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அதைத் திருத்த வேண்டும். அதற்கான கெடு, அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30. ஆண்டறிக்கையை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு முடியும்.