‘ன்’ போனால் ஆளே மாறிவிடும்

ஒரு பேரன் ஆச்சியிடம் சொல்கிறான்: ‘கடைக்குப் போயிட்டேன்.’ இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’ முழுதாக வருகிறதா? வராது. நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதற்குள் அந்த மெய் கரைந்து, ‘டே’ மட்டும் மூக்கில் ஒலித்து நின்றுவிடும். மொழியியலில் இதற்கு மூக்கின உயிர் என்று பெயர். மூக்கு வழியாகவும் காற்று போகும் உயிரொலி, அவ்வளவுதான்.

இந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. காதில் விழுவதை அப்படியே எழுத நினைக்கும் புதிய எழுத்தாளர் ‘போயிட்டே’ என்று எழுதுகிறார். வந்தது வினை. ‘போயிட்டே’ என்றால் ‘நீ போய்விட்டாய்’. போனவன் பேரன், பழி ஆச்சி மேல் விழுகிறது! தேர்ந்த கதைக்காரர்கள் இந்த இடத்தில் காதை நம்புவதில்லை. ‘நேத்து’, ‘வாங்குனேன்’ என்று பேச்சை எழுதும் அதே வரியில், ‘ன்’னை மட்டும் எழுத்துத் தமிழிலிருந்து கடன் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்: ‘நான் நேத்து கடைக்குப் போயிட்டேன் ஆச்சி. ஒங்களுக்குத்தான் மருந்து வாங்குனேன்.’ மூக்கொலியை வாசகர் தாமே சேர்த்துக்கொள்வார். ‘மரம்’ என்பதை ‘மரோ’ என்று எழுதாததற்கும் காரணம் இதுதான். நல்ல பேச்சு நடை ஒலிப்பதிவு அல்ல. பாதி எழுத்து, பாதி பேச்சு.

ஒரே மொழிக்குள் எழுத ஒன்றும் பேச ஒன்றுமாக இரு வடிவங்கள் நிலைத்திருப்பதை இரட்டை வழக்கு என்பார்கள். சார்லஸ் பெர்குசன் 1959இல் இதை விளக்கியபோது அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். தமிழ் நாவலாசிரியர் பக்கத்துக்குப் பக்கம் இந்த இரண்டுக்கும் இடையே போய்வர வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையில் இதைச் செய்து காட்டியவர்களுக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை உரையாடலில் நடமாட விட்டார். ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ என்று பாளையங்கோட்டைத் தெரு ஒன்றையே நாவலாக்கிய வண்ணநிலவன், ‘கடல்புரத்தில்’ நாவலில் மணப்பாட்டு மீனவர் பேச்சைக் கொண்டுவந்தார். அவருடைய கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் அமைதியாக நிற்பதால், பாத்திரம் வாய் திறந்த கணமே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நெல்லைப் பேச்சின் இன்னொரு நுட்பம் ‘ல’. பள்ளிக்கு வராத நண்பனைப் பார்த்து ஒரு பையன் கேட்கிறான்: ‘என்னல, நேத்து பள்ளிக்கூடத்துல ஒன்னயக் காணல?’ ஒரே வரியில் மூன்று ‘ல’. முதலாவது விளி, ‘டா’ மாதிரி. இரண்டாவது இடத்தைச் சொல்லும் ‘இல்’. மூன்றாவது ‘இல்லை’. எழுத்து ஒன்று, வேலை மூன்று. ஆனாலும் நாம் தடுமாறுவதில்லை, ஏனென்றால் கண் முன்னால் இருக்கும் சொல்லைப் பார்த்துவிடுகிறது: பெயருக்குப் பின் வந்தால் இடம், ‘காண’, ‘வர’ போன்ற வினைக்குப் பின் வந்தால் மறுப்பு, கேள்விக்கோ ஏவலுக்கோ பின் வந்தால் விளி. சிக்கல் ‘வால’ போன்ற இடங்களில்தான். ‘வாடா’வா, மாட்டின் வாலையா? அங்கே பலர் ‘வாலே’ என்று நீட்டி எழுதித் தப்பிக்கிறார்கள்.

இந்த விளி இன்னொரு காரியமும் செய்கிறது. பேரன் ஆச்சியைப் பார்த்து ‘ல’ போட முடியாது. ஆச்சி பேரனைப் பார்த்துப் போடலாம். ‘என்ன வே’ என்றால் பேசுகிறவர்கள் வளர்ந்த ஆண்கள், பழகியவர்கள். பேசுவது யாரென்று ஒரு விளியே காட்டிவிடுவதால், ‘என்றான்’, ‘என்றாள்’ பலவற்றை எழுத்தாளர் வெட்டிவிடலாம்.

வெட்டாமல் விடும் ‘என்றான்’ சும்மா இருப்பதில்லை. யாரும் வாயால் ‘என்றான்’ என்று சொல்வதில்லை. பேச்சில் அது ‘ன்னான்’. ‘மாமா கூப்பிடுதாவன்னு அம்மா சொன்னா’ என்றான் பையன். இங்கே அம்மாவின் சொல் ‘ன்னு’வில் முடிகிறது, பையனின் சொல் ‘என்றா’னில் முடிகிறது. பேச்சுக்குள் பேச்சு இருந்தும், எது எங்கே முடிகிறது என்று மேற்கோள் குறியை அழித்தாலும் தெரியும்.

‘கூப்பிடுதாவ’வில் உள்ள ‘த’கரத்தையும் கவனியுங்கள். எழுத்தில் ‘சொல்லுகிறேன்’, சென்னையில் ‘சொல்றேன்’, நெல்லையில் ‘சொல்லுதேன்’. ஊரைக் காட்ட இந்த ஓர் எழுத்து போதும். ஆனால் நாலாம் பக்கத்தில் ‘சொல்லுதேன்’ என்றவர் பத்தாம் பக்கத்தில் ‘சொல்றேன்’ என்றால், வேறு யாரோ பேசுகிறார் என்று வாசகர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். வட்டார நடை பெரும்பாலும் இடறுவது இங்கேதான், கடினமான சொற்களில் அல்ல. கண்டுபிடிக்க வழி உண்டு: ஒரு பாத்திரத்தின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து, தொடர்ந்து வாய்விட்டுப் படித்தால் மாறிய வினை தானே காதில் இடிக்கும்.

உரையாடலுக்கும் கதை சொல்லும் வரிகளுக்கும் இடையே உள்ள சுவரையே எடுத்துவிட்டவரும் பக்கத்திலேயே இருந்தார். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலின் கி. ராஜநாராயணன், உரையாடலை மட்டுமல்ல, கதை சொல்லும் குரலையே கரிசல் பேச்சுக்குக் கொண்டுபோனார். அதற்கு அவர் கொடுத்த விலை, கதை சொல்கிறவர் ஒருவர் எப்போதும் நம் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் எழுந்து போய்விட்டால், பேச்சு நடையில் வரும் விவரிப்பு யார் வாய்ச்சொல் என்று தெரியாமல் போகும்.